‘கூரையில்லாத பள்ளி’ என்று எழுதியதைத் திருத்தியபோது

ஒரு கிராமத் தொடக்கப்பள்ளியின் கூரையைப் பழுதுபார்க்க நிதி கேட்டு நான் எழுதிய முதல் கடிதம் இப்படித் தொடங்கியது: “கூரையில்லாத பள்ளியில் நூற்றுக்கணக்கான பிஞ்சுக் குழந்தைகள் மழையில் நனைந்தபடி கல்விக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் இதைப் படிக்கும் இந்த நிமிடத்தில்கூட ஒரு குழந்தையின் கனவு கரைந்துகொண்டிருக்கிறது. நீங்கள் ஒரு நாள் வீணாக்கும் பணம் அவர்களின் வாழ்க்கையையே மாற்றிவிடும்.” பள்ளியின் முன்னாள் மாணவர்களும் நலம் விரும்பிகளுமாக 240 பேருக்கு அதை அனுப்பினோம். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அந்தக் கலக்கத்தைக் கடிதம் நன்றாக வந்திருப்பதற்கான அடையாளம் என்று நம்பிவிட்டேன்.

ஆறு வாரங்களில் 13 பேர் பணம் அனுப்பினார்கள். அந்த எண்ணிக்கையைவிட எங்களை உலுக்கியவை இரண்டு மறுமொழிகள். அந்தப் பள்ளியிலேயே படித்த ஒருவர், ஊருக்கு வந்தபோது பள்ளியையும் நேரில் பார்த்துவிட்டு, “கூரை இருக்கிறதே, ஓரிடத்தில்தானே ஒழுகுகிறது? மற்றதையும் இப்படித்தான் எழுதியிருக்கிறீர்களா?” என்று கேட்டார். மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் தாய் தலைமை ஆசிரியரைத் தேடி வந்து, “என் பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை வாரித்தான் அனுப்புகிறேன். அவள் எதற்கும் ஏங்கி நிற்கவில்லை. ஊர் ஊராகப் போகிற காகிதத்தில் அப்படி எழுத உங்களுக்கு யார் சொன்னது?” என்று கேட்டுவிட்டுப் போனார். தலைமை ஆசிரியர் இந்த இரண்டையும் எந்தக் கோபமும் இல்லாமல் என்னிடம் சொல்லிவிட்டு, “நீங்களே திருத்தி எழுதித் தாருங்கள்” என்றார்.

முதலில் கடிதத்தின் 19 வாக்கியங்களையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே “இது யாருக்குத் தெரியும்?” என்ற ஒரே கேள்விக்கு விடை எழுதினேன். ஆசிரியருக்குத் தெரியுமா, வருகைப் பதிவேட்டில் இருக்கிறதா, கொத்தனார் பார்த்திருக்கிறாரா என்று தேடியபோது, ஏழு வாக்கியங்கள் யாருக்கும் தெரியாதவையாக இருந்தன. “நூற்றுக்கணக்கான குழந்தைகள்” என்பதற்குப் பதிவேட்டில் இருந்த விடை 64. “கனவு கரைந்துகொண்டிருக்கிறது” என்பதற்கு விடையே இல்லை. மிகைப்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு நான் எழுதவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பள்ளியைப் பற்றி எனக்குப் போதிய அளவு தெரியாத இடங்களில் எல்லாம் உணர்ச்சியை இட்டு நிரப்பியிருந்தேன். மழை பெய்யும்போது அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஆகவே பெயரடைகளை வெட்டுவதோடு இந்தத் திருத்தம் முடியாது, பள்ளிக்குப் போய் உட்கார வேண்டும் என்று தெரிந்தது.

மூன்று நாட்கள் போனேன். அவற்றில் ஒரு நாள் நல்ல மழை. அது ஓட்டுக் கூரைக் கட்டடம். பழைய பகுதியில் மூன்று அறைகள், பின்னாளில் சேர்த்துக் கட்டிய பகுதியில் இரண்டு அறைகள். இரண்டு பகுதிகளின் கூரைச் சாய்வுகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. இரண்டு பக்கத்து மழைநீரும் அந்தப் பள்ளத்தில் சேர்ந்து ஓடுவதால் அங்கே தகடு பதித்திருந்தார்கள். தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, அதன் வழியே இறங்கிய நீர் ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் கட்டைகளை அழுகச் செய்திருந்தது. கட்டைகள் தளர்ந்ததால் ஓடுகளும் சரிந்திருந்தன. பள்ளத்தின் ஒரு பக்கம் மூன்றாம் வகுப்பு, மறுபக்கம் நான்காம் வகுப்பு. மற்ற மூன்று அறைகளிலும் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

மழை வலுத்ததும் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் காய்ந்த பாதிக்கு நகர்ந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். மூன்றாம் வகுப்பின் 13 பேரும் யாரும் சொல்லாமலேயே புத்தகங்களை எடுத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்பு அறைக்குப் போய், எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். உயரமான ஒரு சிறுவன் மட்டும் திரும்பி வந்து, ஆசிரியரின் மேசை மேலிருந்த அகராதியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போனான். அது தினமும் அவனுடைய வேலையாம். அழுகையோ ஏக்கமோ அங்கே எதுவும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் நின்றுபோயிற்று. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் கணக்கு நடத்திக்கொண்டிருந்ததால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் குரல் எழுப்ப முடியாமல் எழுத்து வேலை மட்டும் செய்தார்கள். மற்ற நாட்களில் அந்த வேளையில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கும். எழுத்துக்கூட்டி வாசிப்பதிலிருந்து சரளமாக வாசிப்பதற்குப் பிள்ளைகள் கடந்து போகும் வயது அது. எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை ஆசிரியர் காதால் கேட்டுத்தான் அறிய முடியும்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியரிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. சென்ற மழைக்காலத்தில் வகுப்பு இடம் மாறிய நாட்களையெல்லாம் அவர் அதில் குறித்திருந்தார். எண்ணிப் பார்த்தபோது 27 நாட்கள். கடிதத்துக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நான் மகிழ்ந்த வேளையில் அவர், “எட்டு நாள் வாசிப்பைப் பிறகு காலையில் சீக்கிரம் வரச் சொல்லி ஈடுகட்டிவிட்டேன், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்” என்றார். 27 என்ற எண்ணை விட எனக்கு மனம் வரவில்லை. வகுப்பு இடம் மாறியது 27 நாள் என்று எழுதினால் அதுவும் பொய்யில்லையே என்றுகூடத் தோன்றியது. ஆனால் வாசிப்பு நின்றுபோனதைப் பற்றிய பத்தியில் அந்த எண்ணை வைத்தால், வாசகர் 27 நாள் வாசிப்பு இழந்ததாகவே எடுத்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்க, படிப்பவர் மனத்தில் பொய் பதிவது என்பது இந்த வகை எழுத்தில் அடிக்கடி நடக்கிறது. 19 என்றே எழுதினேன்.

இவ்வளவும் கையில் இருந்தும் நான் எழுதிய இரண்டாவது வரைவு உயிரற்றிருந்தது. மிகைக்குப் பயந்து, பள்ளத்தின் நீளம், தகட்டின் நிலை, ரீப்பர்களின் எண்ணிக்கை என்று ஒரு மதிப்பீட்டுப் பட்டியலைப் போல எழுதிவிட்டேன். பிள்ளைகள் நான்காவது பத்தியில்தான் வந்தார்கள். அதைப் படித்த முன்னாள் மாணவர், கூரையைப் பற்றிக் கேள்வி கேட்ட அதே நண்பர், “எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் இதை நான் பொதுப்பணித் துறைக்குத்தானே அனுப்ப வேண்டும்?” என்றார். உண்மையாக எழுதினால் உணர்ச்சி குறைந்துவிடும் என்று நான் ஊகித்திருந்ததே கோளாறு. மழை நாளில் நான் பார்த்ததை அப்படியே வைத்திருந்தால் போதும்.

மூன்றாவது வரைவு இப்படித் தொடங்கியது: “மழை தொடங்கியதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 13 பேரும் புத்தகங்களை எடுத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்பு அறைக்குப் போய்விடுகிறார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்து, அகராதியை நனையாத இடத்தில் வைத்துவிட்டுப் போகிறான். அடுத்த அறையில் அவர்கள் எழுதலாம், கணக்குப் போடலாம். வாய்விட்டு வாசிக்க மட்டும் முடியாது, ஏனென்றால் அங்கே வேறொரு பாடம் நடந்துகொண்டிருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் இப்படி 19 நாட்கள் அவர்களுக்கு வாசிப்பு இல்லாமல் போயிற்று. மற்ற பாடங்கள் நின்றுவிடவில்லை. இந்த ஒன்றை மீட்கத்தான் கூரையின் ஒரு பகுதியைச் சரிசெய்ய விரும்புகிறோம்.” இதைப் படித்த அதே நண்பர், அந்த அகராதி தம் காலத்திலும் இருந்ததா என்று தலைமை ஆசிரியரிடம் விசாரித்தார். பரிதாபப்படுங்கள் என்று எந்த இடத்திலும் சொல்லாத ஒரு பத்தி ஒருவரைத் தம் பழைய வகுப்பறைக்குள் அழைத்துப் போயிருந்தது.

ஒரு பிள்ளையைக் காட்டுவதா, 64 பேரையும் சொல்வதா என்று எங்கள் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வை ஒருவர் எடுத்துக்காட்டினார். மாலி நாட்டைச் சேர்ந்த ரோகியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள், பஞ்சத்தைப் பற்றிய புள்ளிவிவரங்களைப் படித்தவர்களைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். சிறுமியையும் புள்ளிவிவரங்களையும் சேர்த்துக் காட்டியபோது கொடை மறுபடியும் குறைந்தது என்பது அந்த ஆய்வின் முடிவு. நிதி கேட்பவர்கள் பலர் இதை ஒரு விதியாகவே பிடித்துக்கொண்டு, முடிந்த அளவு துயரம் நிறைந்த ஒரு முகத்தைத் தேடுகிறார்கள். ஆனால் பின்னர் அதே சோதனையைப் பெரிய அளவில் மறுபடி செய்து பார்த்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. ஆகவே ஒற்றை முகத்தை நம்பிக் கடிதத்தைக் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்று முடிவு செய்தோம். அகராதியை எடுத்து வைக்கும் சிறுவன் கடிதத்தில் இருக்கிறான் என்றால், பள்ளியில் நடப்பதை அவன் செயல் ஒரே வரியில் காட்டிவிடுகிறது என்பதே காரணம். அவன் பெயரையோ குடும்பத்தையோ பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவனுடைய பெற்றோரிடம் அந்தப் பத்தியை வாசித்துக் காட்டி, சேர்க்கலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம், அதனால் பிள்ளைக்குப் பள்ளியில் எந்தக் குறையும் வராது என்பதையும் கேட்கும்போதே சொன்னோம். அதைச் சொல்லாமல் கேட்டால், பிள்ளையைப் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோர் ஆசிரியரிடம் மறுப்புச் சொல்வது எளிதன்று.

குற்ற உணர்வைத் தூண்டும் வாக்கியங்களை அடையாளம் காண எனக்கு ஒரு வழி கிடைத்தது. பள்ளியைப் பற்றிய கடிதத்தில் வாசகரின் வாழ்க்கை எங்கே எழுவாயாக வருகிறது என்று பார்த்தேன். “நீங்கள் ஒரு நாள் வீணாக்கும் பணம்” என்பதில் பள்ளி இல்லை. வாசகர் எப்படிச் செலவு செய்கிறார் என்ற தீர்ப்புத்தான் இருக்கிறது, அதுவும் அவரைப் பற்றி எதுவும் தெரியாமல் சொன்ன தீர்ப்பு. “நீங்கள் கைவிட்டால் இவர்களுக்கு யார்?” என்ற வாக்கியம் இன்னும் மோசம். அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், ஐந்து ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஓடு மாற்றக் கூலி வாங்காமல் இரண்டு நாள் வேலை செய்ய முன்வந்த ஊரார் இருக்கிறார்கள். வாசகரை ஒரே மீட்பராக நிறுத்துவதற்காக இவர்கள் அத்தனை பேரையும் கடிதத்திலிருந்து நான் அழித்திருந்தேன். அந்தத் தாயின் கோபத்துக்கு உண்மையான காரணம் இதுதான் என்பது இந்த வாக்கியத்தை வெட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது. அங்கே ஊரார் செய்வதைப் பற்றி எழுதினேன். “இப்போது இயலாதவர்கள் இதற்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை, பள்ளியின் செய்திகள் உங்களுக்கு வழக்கம்போல வந்துகொண்டிருக்கும்” என்ற வரியையும் சேர்த்தேன். குழுவில் ஒருவர், மறுப்பதற்கு நாமே வாசல் திறந்துவிடுகிறோமே என்று வருந்தினார். வாசல் எப்படியும் திறந்துதான் இருக்கிறது, மறுத்தவர் வெட்கப்பட்டு அடுத்த கடிதத்தைப் பிரிக்காமலே போட்டுவிடக் கூடாது என்பதே என் கவலை என்று சொன்னேன்.

கேட்கும் பகுதியில், வாழ்க்கை மாறும், எதிர்காலம் ஒளிரும் என்பவற்றை விட்டுவிட்டு, முடியக்கூடிய ஒரு வேலையை மட்டும் வைத்தோம். மொத்தச் செலவை 100 பங்காகப் பிரித்தோம்: பொருளுக்கு 61, கூலிக்கு 27, சாரத்துக்கும் வண்டிக்கும் 7, கடிதம், வங்கிக் கட்டணம், ரசீது ஆகியவற்றுக்கு 5. இவற்றில் 22 பங்கை ஊராரே சேர்த்துவிட்டார்கள், மீதமுள்ளது 78 என்று எழுதினோம். கடிதச் செலவான அந்த 5 பங்கை மறைத்துவிடலாம் என்ற யோசனை வந்தது. யூரி க்னீசியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவியது. நிர்வாகச் செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார், உங்கள் பணம் முழுவதும் வேலைக்கே போகும் என்று சொன்னபோது, நீங்கள் தரும் தொகைக்கு இணையான தொகையை இன்னொருவர் தருவார் என்று சொன்னதைவிடக் கூடுதலானவர்கள் கொடுத்தார்கள். எனவே அந்த 5 பங்கை ஊராரின் 22இல் அடக்கிவிட முடிவு செய்து, ஊர்க்கூட்டத்தில் ஒப்புதல் பெற்ற பிறகே அப்படி எழுதினோம். 78 பங்குக்கு மேல் பணம் வந்தால் அது அடுத்த ஆண்டுகளின் கூரைப் பராமரிப்புக்கு மட்டும் போகும், குறிப்பிட்ட நாளுக்குள் 50 பங்கும் சேராவிட்டால் பள்ளத்தின் தகட்டை மட்டும் மாற்றுவோம் என்பதையும் எழுதினோம். குறைவாக வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு விடையில்லாத கடிதத்தில், சிறு தொகை அனுப்ப நினைப்பவர் தம் பணம் பாதியில் கிடந்துவிடுமோ என்று தயங்குகிறார்.

அனுப்புவதற்கு முன் மூன்று பேரிடம் வாசித்துக் காட்டினோம். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். அதனால் தாளை வாங்கிக்கொண்டு, “இந்தக் கடிதம் என்ன சொல்கிறது?” என்று மட்டும் கேட்டோம். கொத்தனார் தம் சொற்களில் திரும்பச் சொல்லும்போது, “இனிக் கூரை ஒழுகாது” என்ற வரியில் நின்று, “அப்படி எழுதாதீர்கள். பள்ளத்தில் சருகு அடைத்தால் புதுத் தகடு போட்டாலும் தண்ணீர் ஏறி ஒழுகும். வருடா வருடம் மழைக்கு முன் வாரிவிட வேண்டும்” என்றார். அந்த வரி போய், பராமரிப்பைப் பற்றிய ஒரு வாக்கியம் வந்தது. முன்பு கோபித்த தாய் முழுவதையும் கேட்டுவிட்டு, “பிள்ளைகள் தாமே எழுந்து போகிறார்கள் என்று போட்டிருக்கிறீர்கள், அது சரி” என்றார். முன்னாள் மாணவர் திரும்பச் சொன்னபோது 19 நாள் என்பதைப் “பத்தொன்பது நாள் பள்ளியே இல்லை” என்று சொன்னார். மற்ற பாடங்கள் நடந்தன என்ற வாக்கியம் அப்போது பத்தியின் நடுவே புதைந்து கிடந்தது. அதை எண்ணுக்கு அடுத்தபடியாகக் கொண்டுவந்த பிறகுதான் பத்தி மேலே காட்டிய வடிவத்துக்கு வந்தது.

ஒரு கடினமான வேலை மிச்சமிருந்தது. அதே 240 பேருக்குத்தான் இந்தக் கடிதமும் போக வேண்டும். முதல் கடிதத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் புதிதாகத் தொடங்கலாம் என்றே குழுவில் பெரும்பாலோர் நினைத்தார்கள். ஆனால் 13 பேர் அந்தக் கடிதத்தை நம்பிப் பணம் அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே முடிவில் ஒரு பத்தி சேர்த்தோம்: “எங்கள் முந்தைய கடிதத்தில் பள்ளிக்குக் கூரை இல்லை என்றும் நூற்றுக்கணக்கான குழந்தைகள் என்றும் எழுதியிருந்தோம். இரண்டும் தவறு. பழுதானது கூரையின் ஒரு பகுதி. படிப்பவர்கள் 64 பேர். அந்தக் கடிதத்தை நம்பிப் பணம் அனுப்பியவர்கள் திரும்பப் பெற விரும்பினால் தெரிவியுங்கள்.” யாரும் திரும்பக் கேட்கவில்லை. இரண்டாவது கடிதத்துக்கு 34 பேர் கொடுத்தார்கள். 78 பங்கு சேர ஒன்பது வாரங்கள் ஆயின. இந்த வேறுபாடு முழுவதும் எழுத்து நடையால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாம் முறை கேட்டதும் மழைக்காலம் நெருங்கியிருந்ததும்கூடக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் 34 பேரில் ஒன்பது பேர் திருத்தப் பத்தியைக் குறிப்பிட்டே எழுதியிருந்தார்கள்.

வேலை முடிந்து, முதல் மழைக்குப் பிறகு கணக்கோடு ஓர் அறிக்கை அனுப்பினோம். அதை எழுதும்போது ஒரு தயக்கம் வந்தது. அந்த முதல் மழையில் நான்காம் வகுப்பு அறையின் மூலையில் ஓரிடத்தில் சொட்டியது. கொத்தனார் மறுநாளே ஏறிப் பார்த்து, சரியாக உட்காராத இரண்டு ஓடுகளை எடுத்து மறுபடி பதித்தார். சரிசெய்தாயிற்றே, அதை எதற்கு எழுத வேண்டும் என்று குழுவில் ஒருவர் கேட்டார். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. பிறகு அந்த வரியை எழுதி, அதற்குக் கீழே மூன்றாம் வகுப்பு ஆசிரியரின் குறிப்பேட்டிலிருந்து அன்றைய பதிவைச் சேர்த்து அனுப்பினேன்: “காலை முதல் மழை. வகுப்பு இடம் மாறவில்லை. 12 பேர் வாசித்தார்கள். ஒருவர் வரவில்லை.”